அடுத்த வரியை வாசியுங்க சார்

எனக்குப் பழிவாங்கும் குணம் உண்டு. இதை ஒப்புக்கொள்வதில் வெட்கமில்லை. ஐந்தாம் வகுப்பில் என் ஜாமெட்ரி பெட்டியை உடைத்தவளுக்கு ஏழாம் வகுப்பில்தான் திருப்பிக் கொடுத்தேன். இரண்டு வருடம் காத்திருந்தேன் என்பது அவளுக்கு இன்றைக்கும் தெரியாது. ஆனால் ஒரு மனிதரைப் பழிவாங்குவதற்காகத் தேர்வு விதிகளையே நான் எழுதுவேன் என்று அப்போது யாராவது சொல்லியிருந்தால் சிரித்திருப்பேன்.

மலையாள நாட்டில், சித்தூருக்குக் கிழக்கே தமிழ் எல்லையோரம் ஓர் ஆசிரியர் பயிற்சி நிலையத்தில் படித்துக்கொண்டிருந்தேன். ஆரம்பப் பள்ளி டீச்சர் ஆவதற்கான இரண்டு வருடப் படிப்பு. எனக்கு வயது இருபத்தொன்பது, கல்யாணமாகி ஒரு பையனும் இருந்தான். வீட்டுக்காரர் பக்கம் நெல்லும் தென்னையும் உள்ள குடும்பம். "ரெண்டு வருசம்னா ரெண்டே வருசம், அதுக்கு மேல ஒரு நாளு கூடக் கேக்கக்கூடாது" என்று மாமனார் சாப்பாட்டுத் தட்டைப் பார்த்தபடியே சொல்லி அனுமதி கொடுத்திருந்தார். அவர் ஒரு வார்த்தை சொன்னால் அந்த வீட்டில் அது மாறாது. ஒரு பாடத்தில் தோற்றாலும் என் படிப்பு அதோடு முடிந்தது என்று தெரிந்துதான் தினமும் பஸ் ஏறினேன்.

எங்களுடையது தமிழ் பேட்ச். இருபத்திரண்டு பேர். வகுப்பில் எழுதுவது, ரெக்கார்டு, தேர்வு எல்லாமே தமிழில்தான். குழந்தை உளவியல் எடுத்தவர் எங்கள் ஊர்ப் பக்கத்துக்காரர். அவர் பேசுகிற தமிழ் என் தமிழைவிடச் சுத்தமான நாட்டுப்புறத் தமிழ். வாயைத் திறந்தால் வகுப்பே சிரிக்கும். எனக்கும் அவரைப் பிடித்திருந்தது. அதனால்தான் பிறகு அத்தனை கோபம் வந்தது என்று நினைக்கிறேன்.

இரண்டாம் வருடத்தில் அவர் பாடத்துக்கு ஒரு ரெக்கார்டு எழுத வேண்டியிருந்தது. ஒரு குழந்தையை ஆறு வாரம் கவனித்து, அது எப்படிக் கற்கிறது என்று எழுத வேண்டும். பயிற்சிக்குப் போன பள்ளியில் மூன்றாம் வகுப்புப் பெண் ஒருத்தியை எடுத்துக்கொண்டேன். நோட்டில் இருபத்தெட்டும் பதினாலும் கூட்டச் சொன்னால் விழிப்பாள். ஆனால் அவள் வீட்டுக் களத்தில் தேங்காய் எண்ணும்போது பார்க்க வேண்டும். இரண்டிரண்டாக எடுத்துப் போட்டு, ரெண்டு, நாலு, ஆறு என்று ஓடி, நூறானதும் அடையாளத்துக்கு ஒரு காயை ஓரமாக வைத்துவிட்டு அடுத்த நூறுக்குப் போவாள். நான் வாரம் இரண்டு நாள் அந்தக் களத்தில் போய் நின்றேன். பள்ளிக்கூடம் அவளுக்குக் கணக்கைக் கற்றுத்தரவில்லை, அவளிடம் இருக்கிற கணக்கைப் பார்க்கவே இல்லை என்று பதினாலு பக்கம் எழுதினேன். பையனைத் தூங்கவைத்துவிட்டு அடுப்படியில் உட்கார்ந்து எழுதியது. என் வாழ்க்கையில் நான் எழுதியதிலேயே நல்ல எழுத்து அதுதான்.

அந்த ரெக்கார்டுக்கு சார் பூஜ்யம் போட்டார்.

வகுப்பில் எல்லோருக்கும் முன்னால் எழுப்பி நிறுத்தினார். செல்போனை என் பக்கம் திருப்பிக் காட்டினார். எழுத்தைக் கொடுத்தால் மனிதர் எழுதியதா மெஷின் எழுதியதா என்று சொல்கிற ஒரு செயலி. அதில் சிவப்புக் கட்டத்துக்குள் தொண்ணூறுக்கு மேல் ஓர் எண் நின்றது.

"ஏம்மா, இத நீயா எழுதுன? ஊட்டுல சோறாக்கிட்டு, புள்ளயப் பாத்துட்டு, பதினாலு பக்கம் உனக்கு எங்கிருந்து வந்துச்சு?"

"நாந்தானுங்க சார் எழுதுனேன்."

"மெஷினு பொய் சொல்லாதம்மா. உக்காரு."

யாரோ சிரித்தார்கள். இன்டர்னலில் பூஜ்யம் என்றால் கடைசித் தேர்வுக்கு உட்கார முடியாது. தட்டைப் பார்த்தபடி மாமனார் சொன்ன வார்த்தைதான் காதில் விழுந்தது. அழுகை வரவில்லை. உள்ளங்கை இரண்டும் ஐஸ் மாதிரி குளிர்ந்துபோனது. ஜாமெட்ரி பெட்டி உடைந்த அன்றைக்கும் அப்படித்தான் குளிர்ந்தது.

மறுநாள் ரெக்கார்டைத் தூக்கிக்கொண்டு ஸ்டாஃப் ரூமுக்குப் போனேன். "எந்த வரிங்க சார் மெஷின் எழுதுனது? காட்டுங்க, நான் விளக்கம் சொல்றனுங்க" என்றேன். வாங்கிப் புரட்டினார். "இங்கதான், உன்ற முன்னுரையில" என்று ஒரு பத்தியில் விரலை வைத்தார். அது முன்னுரை இல்லை. அந்தக் குழந்தையின் அம்மா பேசியதை நான் எழுதியிருந்த பக்கம். தலைப்பே பெரிய எழுத்தில் இருந்தது.

அப்போதுதான் எனக்கு விளங்கியது. இந்த மனிதருக்குத் தமிழ் பேசத்தான் தெரியும், படிக்கத் தெரியாது. எங்கள் பக்கத்தில் இது அதிசயமே இல்லை. வீட்டிலும் வயலிலும் தமிழ், பள்ளிக்கூடம் முழுக்க மலையாளம் என்று வளர்ந்தவர்கள் ஊருக்குப் பத்துப் பேர் இருப்பார்கள். ஆனால் அப்படி ஒருவரைத் தமிழ் பேட்ச்சுக்குப் போட்டிருந்தார்கள். அவரும் ஒன்றும் சொல்லாமல் வருடக்கணக்கில் எங்கள் ரெக்கார்டுகளுக்கு மார்க் போட்டிருந்தார். பக்கத்தின் எண்ணிக்கையைப் பார்த்து, அடிக்கோட்டைப் பார்த்து, கையெழுத்தின் அழகைப் பார்த்து. வகுப்பில் எதையாவது எடுத்தால் "நீ வாசி, நான் கேக்கறேன்" என்று அவர் சொல்வது நினைவுக்கு வந்தது. பாடம் நடத்தும் முறை என்றல்லவா நினைத்திருந்தோம்.

மீதியைச் சொன்னவள் என் பக்கத்து இருக்கைப் பெண். உடும்பஞ்சோலைப் பக்கம் ஏலக்காய்த் தோட்டத்திலிருந்து வந்து, சாரின் வீட்டுக்கு அடுத்த வீட்டில் வாடகைக்கு இருந்தவள். பத்தொன்பது வயது.

"ரெக்கார்டு பெருசா இருந்தா அவரு போன்ல போட்டோ பிடிக்காருக்கா. பிடிச்சா அதுவே இங்கிலீஷ்ல மாத்திக் குடுக்குது. அதத்தான் படிக்காரு."

அன்று மாலை பஸ்ஸில் உட்கார்ந்தபடியே செய்து பார்த்தேன். என் ரெக்கார்டில் ஒரு பக்கத்தைப் படம் பிடித்தேன். போன் அதை இங்கிலீஷாக மாற்றியது. அந்த இங்கிலீஷை எடுத்து அதே செயலியில் போட்டேன். சிவப்புக் கட்டம் வந்தது. பிறகு எங்கள் பழைய பாடப் புத்தகத்தில், இந்த மெஷின்கள் பிறக்காத காலத்தில் அச்சான ஒரு பக்கத்தை அதே மாதிரி செய்தேன். அதற்கும் சிவப்புதான். மொழிபெயர்த்தது மெஷின், அந்த மெஷின் இங்கிலீஷைத்தான் இன்னொரு மெஷின் கண்டுபிடித்திருக்கிறது. நான் எழுதிய ஒரு வார்த்தையைக்கூட இரண்டும் பார்க்கவில்லை.

கொடுமை என்னவென்றால், இந்தத் தோட்டத்துப் பெண் தன் ரெக்கார்டை முழுக்கப் போனில் எழுதவைத்து, கையால் பார்த்து எழுதிக் கொடுத்திருந்தாள். ஆறு வாரம் கவனித்த குழந்தைக்கு அவள் பெயர்கூட வைக்கவில்லை. கையெழுத்து அழகு என்று அவளுக்கு நல்ல மார்க். பக்கம் குறைவாக இருந்ததால் சார் அதைச் சோதிக்கவே இல்லை.

நேராகப் பிரின்சிபால் டீச்சரிடம் போய்ப் போனைக் காட்டியிருந்தால் அன்றைக்கே என் பூஜ்யம் போயிருக்கும். இதை நான் பலமுறை யோசித்திருக்கிறேன். ஆனால் அது மூடிய கதவுக்குள் முடிந்துபோயிருக்கும். அவர் "தப்பாயிடுச்சும்மா" என்று மெதுவாகச் சொல்லியிருப்பார். என்னை அவர் நிறுத்திவைத்தது மூடிய கதவுக்குள் இல்லையே. எனக்குச் சபை வேண்டியிருந்தது.

சபை தானாகவே வந்தது. மலையாள பேட்ச்சிலும் இதே மாதிரிப் புகார்கள். எழுதாதவனுக்கு மார்க், எழுதியவனுக்குச் சந்தேகம். வீட்டில் எழுதிக்கொண்டு வருகிற எதையும் இனி நம்ப முடியாது, இன்டர்னலை வேறு மாதிரி நடத்த வேண்டும் என்று பிரின்சிபால் டீச்சர் ஒரு கூட்டம் போட்டார். ஆசிரியர்களோடு இரண்டு பேட்ச் பிரதிநிதிகளையும் கூப்பிட்டார். தமிழ் பேட்ச் பிரதிநிதி நான்.

நான் ஒரு தாளில் எழுதிக்கொண்டே போயிருந்தேன். பழைய ரெக்கார்டு மார்க் எல்லாம் ரத்து. எல்லோரும் வகுப்பறையிலேயே இரண்டு மணி நேரம், முத்திரை குத்திய தாளில் புதிதாக எழுத வேண்டும். கையால் எழுதிய கவனிப்புக் குறிப்புகளை மட்டும் கொண்டுவரலாம். போன்களெல்லாம் வாசலில் கூடையில். ஒரு வாரம் கழித்து ஒவ்வொருவருக்கும் பத்து நிமிடம் வைவா, அதாவது வாய்மொழித் தேர்வு. பொதுவான கேள்வி கேட்டால் மனப்பாடமாகப் பதில் வந்துவிடும், ஆகவே கேள்விகள் அவரவர் எழுதிய தாளிலிருந்தே வர வேண்டும். இதுவரை எல்லோரும் தலையாட்டினார்கள். யார் சொன்னாலும் இதைத்தான் சொல்லியிருப்பார்கள்.

அடுத்தது என்னுடையது.

"வைவா எடுக்கறவங்க தாள்ல இருந்து ஒரு வரிய சத்தமா வாசிச்சுக் காட்டிட்டுத்தான் கேக்கணும் டீச்சர். அப்பத்தான் எதப் பத்திக் கேக்கறாங்கன்னு எங்களுக்குத் தெரியும். அவங்களும் முழுசாப் படிச்சிருக்காங்கன்னு தெரியும். வைவா ரூமுக்குள்ள அவங்க போனும் வேண்டாம்."

"நல்ல காரியம் மோளே" என்றார் பிரின்சிபால் டீச்சர். மலையாளக்காரர். தமிழ் பேசினால் புரிந்துகொள்வார், மலையாளம் கலந்துதான் பதில் சொல்வார். "ரெண்டாமத்த எக்ஸாமினராயிட்டு ஞானும் இரிக்காம். வேற ரெண்டு குட்டிகளும் சாட்சியா இரிக்கட்டே." தானும் உடன் உட்காருவதாகவும், சாட்சிக்கு இரண்டு மாணவர்கள் இருக்கட்டும் என்றும் சொன்னார்.

சார் என்னை ஒரு தடவை நிமிர்ந்து பார்த்தார். அவருக்குப் புரிந்துவிட்டது. புரிய வேண்டும் என்றுதான் நானும் அவரையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

வகுப்பறையில் எழுதினோம். இரண்டு மணி நேரம் விசிறியின் சத்தமும் பேனாச் சத்தமும்தான். நான் அதே தேங்காய்க் களத்தை ஆறு பக்கத்தில் எழுதினேன். தோட்டத்துப் பெண் முதல் அரை மணி நேரம் வெறும் தாளைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு தன் சொந்தத் தம்பி எழுத்துக் கூட்டுவதைப் பற்றி மூன்று பக்கம் எழுதினாள். தப்பும் அடித்தலுமாக, ஆனால் அவளே எழுதினாள்.

வைவாவுக்கு இரண்டு நாள் முன்னால் அவள் என்னிடம் வந்து கிசுகிசுத்தாள்.

"அக்கா, சார் வீட்ல தெனமும் சாயங்காலம் நம்ம தாளத்தான் வாசிக்காங்க. அவரு சம்சாரம் தமிழ்ல படிச்சவங்களாம். அவங்க சத்தமா வாசிக்க வாசிக்க, சார் எதிர்ல உக்காந்து எழுதிக்கிடுறாரு. இருபத்திரண்டு பேரோடதும். ஒங்க தேங்கா கதைய ரெண்டு தடவ வாசிக்கச் சொன்னாரு. பாவமா இருந்துச்சுக்கா."

அவள் பாவம் என்று சொன்னாள். நான் அதை வேறு மாதிரிக் கேட்டுக்கொண்டேன். எழுதிக்கொள்கிறார் என்றால் சீட்டு. சீட்டு என்றால் அதில் இரண்டு வரிதான் இருக்கும். மூன்றாவது வரி இருக்காது.

வைவா அன்று அவர் வெள்ளைச் சட்டையை இஸ்திரி போட்டு வந்திருந்தார். மேஜைக்குப் பின்னால் அவரும் பிரின்சிபால் டீச்சரும். சாட்சிக்கு மலையாள பேட்ச் பையன் ஒருவனும், தோட்டத்துப் பெண்ணும். முதல் ஏழு பேருக்கும் ஒரு குறையுமில்லாமல் நடந்தது. வெளியே வந்தவர்கள் எல்லோரும் ஒரே மாதிரி ஆச்சரியப்பட்டார்கள். "நெசமாவே படிச்சிருக்காருடி" என்றாள் ஒருத்தி.

எட்டாவதாக நான் போனேன். என் தாளைத் தனக்கு முன்னால் விரித்து வைத்திருந்தார். அதன் மேல் ஒரு சிறு சீட்டு. எதிரே உட்கார்ந்தாலும் எனக்குத் தெரிந்தது. என் தமிழ் வரிகளை வட்ட வட்டமான மலையாள எழுத்தில் எழுதி வைத்திருந்தார்.

வாசித்தார். திக்காமல் வாசித்தார். "நோட்டில் தோற்ற குழந்தை களத்தில் ஒரு தடவைகூடத் தப்பவில்லை." பிறகு சீட்டை விட்டு நிமிர்ந்து கேட்டார்.

"ஆறு வாரமும் களத்துல நீ எங்க நின்ன? அந்தப் புள்ளைக்கு எதுத்தாப்லயா? நீ இல்லாதப்பவும் அது தப்பாம எண்ணுச்சான்னு பாத்தயா?"

நல்ல கேள்வி என்று எனக்கு அப்போதே தெரிந்தது. இரண்டு வருடத்தில் என்னிடம் யாரும் கேட்காத கேள்வி. பதினாலு பக்கத்திலும் ஆறு பக்கத்திலும் நான் யோசிக்காத கேள்வி. பதில் சொல்ல ஆரம்பித்திருந்தால் தடுமாறியிருப்பேன்.

"சொல்றனுங்க சார்" என்றேன். "அதுக்கு அடுத்த வரியில அதப் பத்தித்தான் எழுதியிருக்கனுங்க. அத வாசியுங்க சார்."

பொய். அடுத்த வரியில் தேங்காய்க் குவியலின் உயரத்தைப் பற்றித்தான் இருந்தது.

சார் சீட்டைப் பார்த்தார். பிறகு என் தாளைப் பார்த்தார். விரலை வரியின் தொடக்கத்தில் வைத்தார். விரல் நகரவில்லை. அறையில் இருந்த மற்ற நால்வரும் அந்த விரலையே பார்த்துக்கொண்டிருந்தோம். இஸ்திரிச் சட்டையின் கழுத்துப் பட்டை ஈரமாகிக்கொண்டிருந்தது.

"வாசிக்கூ சார்" என்றார் பிரின்சிபால் டீச்சர், எதுவும் தெரியாமல்.

"கண்ணாடி கொண்டு வரலைங்க டீச்சர்."

கண்ணாடி அவர் மூக்கில் இருந்தது. மலையாள பேட்ச் பையன் சிரித்துவிட்டான். வகுப்பில் என்னைப் பார்த்துச் சிரித்த சிரிப்பு ஒருவழியாகத் திரும்பிப் போய்ச் சேர்ந்தது. எனக்கு உடம்பெல்லாம் இனித்தது. அதை மறைக்க மாட்டேன். பிரின்சிபால் டீச்சர் சீட்டை மெல்ல எடுத்துப் பார்த்தார். மலையாள எழுத்துகளை வாசித்தார். அதிலிருந்து வந்த சத்தம் தமிழாக இருந்தது. சீட்டைத் திரும்ப வைத்துவிட்டு என்னிடம், "போய்க்கோ மோளே" என்றார்.

மீதிப் பேருக்கு வைவாவைத் தமிழ்ப் பாடம் எடுக்கிற டீச்சர் நடத்தினார். அவருக்கு உளவியல் தெரியாது. "நல்லா எழுதியிருக்க, குழந்தைங்கன்னா உனக்குப் பிடிக்குமா?" என்கிற மாதிரிக் கேள்விகள். எல்லோருக்கும் நல்ல மார்க். எனக்கு வைவாவில் முழு மார்க். நடந்ததை யாரும் பெரிதாக்க விரும்பவில்லை, குறிப்பாக நான் வெளியே போய்ப் பேசிவிடக் கூடாது என்று நினைத்திருப்பார்கள். மாதம் முடிவதற்குள் சார் மலையாள பேட்ச் மட்டும் உள்ள வேறோர் இடத்துக்கு மாற்றலாகிப் போனார். காலையில் இரண்டு பஸ், மாலையில் இரண்டு பஸ் மாற வேண்டிய இடம்.

தோட்டத்துப் பெண் ஒரு வாரம் என்னோடு பேசவில்லை. பிறகு ஒரே ஒரு தடவை கேட்டாள்.

"நான் நம்பிச் சொன்னத வச்சே அடிச்சிட்டீகளேக்கா. அவரு இந்தத் தடவ படிச்சுட்டுத்தானே வந்தாரு?"

"போன தடவ என்னைய அடிச்சப்போ படிச்சாரா?" என்றேன்.

கடைசித் தேர்வு எழுதினேன், தேறினேன். இரண்டு வருடத்துக்கு மேல் ஒரு நாள்கூட ஆகவில்லை. மாமனார் ஊருக்கெல்லாம் லட்டு கொடுத்தார். இப்போது ஒரு பள்ளியில் மூன்றாம் வகுப்பு எடுக்கிறேன்.

கதை இங்கே முடிந்திருந்தால் நான் இதை எழுதியிருக்க மாட்டேன். ஊர் முழுக்கச் சொல்லிச் சிரித்துத் திரிந்திருப்பேன்.

தேர்வு முடிவு வந்த பிறகு, லட்டு கொடுக்கிற சாக்கில் அந்தக் குழந்தையின் வீட்டுக்குப் போனேன். களத்தில் காய் இறக்கிக் குவித்திருந்தார்கள். அவள் எண்ணத் தொடங்கியிருந்தாள், நான் வந்ததைப் பார்க்கவில்லை. மாட்டுக் கொட்டகைக்குப் பின்னால் நின்றுகொண்டேன். ஏன் அப்படி நின்றேன் என்று எனக்கே தெரியும். அந்தக் கேள்வி என்னை விட்டுப் போகவில்லை.

ரெண்டு, நாலு, ஆறு என்று போனாள். இருபதைத் தாண்டியதும் நின்றாள். மறுபடி பதினாறிலிருந்து தொடங்கினாள். முப்பதுக்குப் பக்கத்தில் தவறி, இரண்டு காயைக் கையில் வைத்துக்கொண்டு விழித்தாள், நோட்டைப் பார்த்து விழிக்கிற அதே முழி. அவள் அம்மா திட்டினாள். நான் வெளியே வந்தேன். என்னைப் பார்த்ததும் அவள் முகம் மலர்ந்தது, மறுபடி ரெண்டிலிருந்து தொடங்கினாள். காயைப் போட்டு, எண்ணைச் சொல்வதற்கு முன்னால் ஒவ்வொரு தடவையும் என் முகத்தைப் பார்த்தாள். அப்போதுதான் கவனித்தேன். என் உதடுகள் அசைந்துகொண்டிருந்தன. சரியான எண் வந்ததும் என் தலை தானாக ஆடியது. ஆறு வாரமும் அங்கே எண்ணியது நான்தான்.

நூறு வரைக்கும் தப்பாமல் போனாள். ஓரமாக ஒரு காயை எடுத்து வைத்துவிட்டு, "பாத்தீங்களா டீச்சர்" என்றாள்.

பதினாலு பக்கமும் நானே எழுதியவை. ஒரு வரிகூட மெஷின் எழுதவில்லை. அத்தனையும் தப்பு. இதைக் கண்டுபிடித்த ஒரே மனிதர், என் எழுத்தைக் காதால் மட்டும் கேட்டவர். அதையும் இரண்டு தடவை வாசிக்கச் சொல்லிக் கேட்டவர்.

அவருடைய போன் நம்பர் என்னிடம் இருக்கிறது. தோட்டத்துப் பெண் அவ்வப்போது கேட்கிறாள், "சார்ட்ட பேசுனீகளாக்கா?" என்று. பேசவில்லை. பேசினால் அந்த வைவாவில் அவர் ஜெயித்துவிடுவார். சபையில் என்னை நிறுத்தி, "மெஷினு பொய் சொல்லாதம்மா" என்ற மனிதர் ஜெயிப்பதை நான் இன்னும் தாங்க மாட்டேன்.

என் வகுப்பில் வாரம் ஒரு நாள் வாய்மொழிக் கணக்கு வைக்கிறேன். பிள்ளைகள் பதில் சொல்லும்போது நான் முகத்தைக் கரும்பலகைப் பக்கம் திருப்பிக்கொண்டு நிற்பேன். ஏன் டீச்சர் எங்களைப் பார்க்க மாட்டேங்கறீங்க என்று கேட்கிறார்கள். இதை யாரிடம் கற்றேன் என்று அவர்களிடம்கூடச் சொன்னதில்லை.